குழுவில் வேலை கேட்பவருக்கு உண்மையான காலியிடத்தைச் சொல்வது எப்படி? ஒரகடம் குவாலிட்டி வேலை ஒன்றை வைத்து முழு வழிகாட்டி

ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம், இருங்காட்டுக்கோட்டை, மறைமலை நகர் பக்கத் தொழிற்சாலைகளில் வேலை செய்யும் குவாலிட்டி இன்ஜினியர்கள் சேர்ந்திருக்கும் வாட்ஸாப் குழு எதைத் திறந்தாலும் இப்படி ஒரு செய்தி கண்ணில் படும்:

"வணக்கம் சார். குவாலிட்டியில் 4 வருஷ அனுபவம். சிஎன்சி மெஷினிங் கம்பெனி. பிபிஏபி, எம்எஸ்ஏ தெரியும். நோட்டீஸ் பீரியட் 60 நாள். குரோம்பேட்டையில் இருக்கேன். ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஓப்பனிங் இருந்தா சொல்லுங்க."

அதற்கு வரும் பதில்களில் முக்கால்வாசி "சிவி அனுப்புங்க" என்பதோடு முடிந்துவிடும். கேட்டவர் ஐந்து பேருக்கு சிவி அனுப்புவார். எந்தக் கம்பெனி, என்ன வேலை, என்ன சம்பளம் என்று ஒன்றும் தெரியாமல் போன் வருமா என்று காத்திருப்பார். ஒருநாள் அழைப்பு வரும். லீவு போட்டுவிட்டுப் போனால், அது காண்ட்ராக்டர் ரோலில் மூன்று ஷிப்ட் வேலை என்று நேர்காணல் மேசையில்தான் தெரியவரும். ஷிப்டில் வேலை செய்கிறவருக்கு ஒரு நாள் லீவு சும்மா கிடைப்பதில்லை. வேலை தேடுகிறார் என்ற சந்தேகம் சூப்பர்வைசருக்கு வந்துவிட்டால் இருக்கிற இடத்திலும் நிம்மதி போய்விடும்.

ஆகவே நல்ல பதில் என்பதற்கு ஒரே ஓர் அளவுகோல் வைத்துக்கொள்ளலாம். உங்கள் செய்தியை மட்டும் படித்துவிட்டு, யாருக்கும் போன் செய்யாமல், "இதற்கு விண்ணப்பிக்கலாம்" அல்லது "இது எனக்கு வேண்டாம்" என்று அவர் முடிவெடுக்க முடிய வேண்டும். அதற்குத் தேவையான விவரங்களை எங்கிருந்து வாங்குவது, எப்படிச் சரிபார்ப்பது, எதைக் குழுவில் எழுதுவது, எதைத் தனியாகச் சொல்வது என்று வரிசையாகப் பார்ப்போம். மேலே உள்ள கோரிக்கையையே கடைசி வரை உதாரணமாக வைத்துக்கொள்வோம். உங்கள் கம்பெனியில், ஒரகடத்தில், ஒரு குவாலிட்டி இன்ஜினியர் இடம் காலியாக இருப்பதாகக் கேள்விப்பட்டிருக்கிறீர்கள் என்று கொள்வோம்.

1. கேட்டவர் சொன்னதையும் சொல்லாததையும் பிரித்துப் பாருங்கள்

அந்தச் செய்தி பரவாயில்லாத செய்திதான். அனுபவம், துறை, நோட்டீஸ், ஊர் எல்லாம் இருக்கிறது. ஆனால் "குவாலிட்டி இன்ஜினியர்" என்ற ஒரே பெயருக்குள் குறைந்தது நான்கு வேறு வேலைகள் இருக்கின்றன. வெளியிலிருந்து வரும் மூலப்பொருளையும் பாகங்களையும் சோதிக்கும் இன்கமிங் குவாலிட்டி ஒன்று. மெஷின் பக்கத்தில் நின்று ஓடும் உற்பத்தியைப் பார்க்கும் லைன் குவாலிட்டி ஒன்று. சப்ளையர்களின் தொழிற்சாலைகளுக்குப் போய் ஆடிட் எடுக்கும் எஸ்க்யூஏ ஒன்று. வாடிக்கையாளர் புகாருக்கு 8டி எழுதி, தேவைப்பட்டால் கார் கம்பெனி வாசலிலேயே போய் நிற்கும் கஸ்டமர் குவாலிட்டி ஒன்று. லைன் குவாலிட்டியில் நான்கு வருஷம் இருந்தவர் எஸ்க்யூஏவுக்குப் போக விரும்பலாம். கஸ்டமர் குவாலிட்டியில் இருப்பவர் திரும்ப லைனுக்கு வர விரும்பவே மாட்டார். இது தெரியாமல் பதில் சொன்னால் இருவருக்கும் நேரம் வீண்.

ஆகவே முதல் வேலை, அவருக்குத் தனியாக ஒரு செய்தி: "சார், இப்போ நீங்க லைன் குவாலிட்டியா, கஸ்டமர் குவாலிட்டியா? டிப்ளமோவா, பி.இ.யா? ஷிப்ட் ஓகேவா?" மூன்று கேள்வி போதும். இதைக் குழுவில் கேட்கக் கூடாது. ஒரே தொழிலில் இருப்பவர்களின் குழு என்பதால் அவருடைய இப்போதைய மேனேஜரோ, சக ஊழியரோ, அவர்கள் கம்பெனிக்கு வந்து போகும் சப்ளையரோ அதே குழுவில் இருக்க நல்ல வாய்ப்பு உண்டு. அவர் தன் கம்பெனி பெயரைச் சொல்லாமல் எழுதியிருக்கிறார் என்றால் காரணத்தோடுதான். "நீங்க அந்தக் கம்பெனிதானே?" என்று பொதுவில் கேட்பது அவரைக் காட்டிக்கொடுப்பதாகிவிடும்.

நம் உதாரணத்தில் அவர் சொல்லும் பதில்: லைன் குவாலிட்டி, பி.இ. மெக்கானிக்கல், ஷிப்ட் பரவாயில்லை, ஆனால் கம்பெனி பஸ் வேண்டும்.

2. இடம் உண்மையிலேயே காலியா?

பெரும்பாலான தவறான தகவல்கள் பொய் சொல்லும் எண்ணத்தில் வருவதில்லை. கேன்டீனில் காதில் விழுந்ததை அப்படியே எழுதுவதால் வருகின்றன. ஒருவர் ராஜினாமா செய்தார் என்பதற்காக அந்த இடம் நிரப்பப்படும் என்று அர்த்தமில்லை. இருக்கிற ஆட்களை வைத்தே சமாளிக்கச் சொல்லிவிடலாம். வேறு பிளான்ட்டிலிருந்து ஒருவரை மாற்றலாம். டிரெய்னியாக இருப்பவரையே நிரந்தரம் ஆக்கலாம்.

எனவே எச்ஆரிடம் போவதற்கு முன் அந்தத் துறைத் தலைவரிடம் போங்கள். ஆள் வேண்டும் என்பவர் அவர்தான். ஆளை எடுப்பதா வேண்டாமா என்று கடைசியில் சொல்பவரும் பெரும்பாலும் அவர்தான். அவரிடம் கேட்க வேண்டியவை இவை:

மேன்பவர் ரெக்விசிஷன் அப்ரூவல் ஆகிவிட்டதா? இதுதான் எல்லாவற்றிலும் முக்கியம். "போட்டிருக்கேன், இன்னும் வரலை" என்றால் அது இன்னும் காலியிடம் இல்லை. அந்த நிலையில் குழுவில் எழுதாதீர்கள். கேட்டவரிடம் மட்டும் "ஒரு மாசத்துல ஒண்ணு வரலாம், வந்தா சொல்றேன்" என்று சொல்லுங்கள், போதும்.

போனவருக்குப் பதிலா, புது லைனுக்காகவா? பதிலுக்கு என்றால் அவசரம் இருக்கும், 60 நாள் நோட்டீஸ் இடிக்கும். புது லைனுக்கு என்றால் மெஷின் வரும் தேதியைப் பொறுத்தது. காத்திருப்பார்கள், ஆனால் தள்ளியும் போகலாம். இன்னொரு நிலைமையும் உண்டு. இப்போது அந்த நாற்காலியில் இருப்பவருக்கே தெரியாமல் மாற்று ஆள் தேடுவார்கள். அது தெரிந்தால் அந்தத் தகவல் உங்களோடு நிற்க வேண்டும். அதை எந்தக் குழுவிலும் எழுத முடியாது.

உள்ளே யாராவது ஏற்கெனவே பேசப்பட்டிருக்கிறார்களா? பல கம்பெனிகளில் உள் அறிவிப்பு கொடுத்த பிறகுதான் வெளியே போவார்கள். உள்ளிருந்து ஒருவர் முடிவாகிவிட்ட பிறகும், முறைக்காக நான்கு பேரை வெளியிலிருந்து கூப்பிடுவது நடக்கிறது. நேரடியாகக் கேட்டால் துறைத் தலைவர் மழுப்புவார். அந்த மழுப்பலே ஒரு பதில்தான்.

தினசரி வேலை என்ன? வேலை விவரத் தாளில் இருப்பது பத்து வருஷத்துக்கு முன்னால் யாரோ எழுதியதாக இருக்கும். "வந்து சேர்ந்த முதல் மூணு மாசம் அவர் என்ன செய்யணும்?" என்று கேட்டால் சரியான பதில் கிடைக்கும். உதாரணமாக: இரண்டு சிஎன்சி செல்லில் இன்-பிராசஸ் ஆய்வு, கன்ட்ரோல் பிளானைப் புதுப்பித்தல், சிஎம்எம் ரிப்போர்ட் படித்தல், வாரம் ஒரு முறை ரிஜெக்ஷன் கூட்டம்.

எது கட்டாயம், எது இருந்தால் நல்லது? சிஎம்எம் என்று பொதுவாகச் சொல்வார்கள். ரிப்போர்ட் படிக்கத் தெரிந்தால் போதுமா, மெஷினை ஓட்டத் தெரிய வேண்டுமா, புதிதாகப் புரோகிராம் எழுதத் தெரிய வேண்டுமா என்பது மூன்று வெவ்வேறு தகுதிகள். புரோகிராம் என்றால் PC-DMIS சாஃப்ட்வேரா, CALYPSO சாஃப்ட்வேரா என்பதும் வேண்டும். ஒன்றில் பழகியவர் மற்றொன்றுக்கு மாற நாளாகும். இந்த ஒரு வரியைச் சரியாக எழுதினாலே தேவையில்லாமல் வரும் சிவிக்களில் பெரும்பகுதி குறைந்துவிடும்.

பிறகு எச்ஆரிடம்: ரெக்விசிஷன் எண் அல்லது ஜாப் ஐடி, கம்பெனி ரோலா தேர்ட் பார்ட்டி ரோலா, சம்பள வரம்பு, அதிகபட்ச நோட்டீஸ், கடைசி நாள், எத்தனை சுற்று நேர்காணல், சிவியை எங்கே அனுப்புவது. கூடவே ஒன்றைக் கட்டாயம் கேளுங்கள்: "இதை எங்க தொழில் குழுவில் கம்பெனி பெயரோட போடலாமா?" சில கம்பெனிகளில் வெளியே அறிவிக்க எச்ஆருக்கு மட்டும்தான் அனுமதி. கேட்காமல் போட்டு, அதன் ஸ்கிரீன்ஷாட் எச்ஆர் தலைவரிடம் போய், விளக்கம் சொல்லும் நிலை உங்களுக்கு வரக் கூடாது. பெயர் வேண்டாம் என்றால் "ஒரகடத்தில் இருசக்கர வாகன எஞ்சின் பாகங்கள் மெஷினிங் செய்யும் கம்பெனி, பெயர் தனியாகச் சொல்கிறேன்" என்று எழுதலாம். அது நேர்மையான வழி. பெயரும் சொல்லாமல், என்ன தயாரிக்கிறார்கள் என்றும் சொல்லாமல் "பிரபல எம்என்சி" என்று எழுதினால் யாரும் நம்ப மாட்டார்கள், நம்பவும் கூடாது.

3. சம்பளத்தை எப்படிச் சொல்வது

பதில்களில் அதிகம் விட்டுப்போவதும், அதிகம் தவறாகப் புரிந்துகொள்ளப்படுவதும் இதுதான். "சம்பளம் பேசிக்கலாம்" என்று எழுதுவதால் யாருக்கும் பயனில்லை. "4.8 லட்சம்" என்று மட்டும் எழுதினாலும் பாதித் தகவல்தான். அது சிடிசி. கையில் வருவது வேறு.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். சிடிசி ஆண்டுக்கு ரூ. 4,80,000. இதற்குள் வருஷக் கடைசியில் தரும் வேரியபிள் ரூ. 36,000 இருக்கிறது என்று கொள்வோம். குழு மருத்துவக் காப்பீட்டு பிரீமியம் ரூ. 6,000. அடிப்படைச் சம்பளம் மாதம் ரூ. 20,000. கிராஜுவிட்டிக்காக அதில் 4.81 சதவீதம் சிடிசியில் சேர்ப்பார்கள், அது ஆண்டுக்கு ஏறக்குறைய ரூ. 11,500. கம்பெனி கட்டும் பிஎஃப் 12 சதவீதம். இதைச் சட்ட வரம்பான ரூ. 15,000 வரைக்கும் மட்டும் கணக்கிடும் கம்பெனி என்றால் மாதம் ரூ. 1,800, ஆண்டுக்கு ரூ. 21,600.

இவை எல்லாம் போக மிஞ்சுவது ஏறக்குறைய ரூ. 4,04,900. மாதத்துக்கு ரூ. 33,700 சொச்சம். இதிலிருந்து ஊழியர் பங்கு பிஎஃப் இன்னொரு ரூ. 1,800 போகும். தொழில் வரி ஆறு மாதத்துக்கு ரூ. 1,250, அதாவது மாதம் 200 ரூபாய்க்குச் சற்று மேல். கையில் வருவது ஏறக்குறைய ரூ. 31,700. சிடிசியைப் பன்னிரண்டால் வகுத்து ரூ. 40,000 என்று கணக்குப் போட்டுக்கொண்டு வருபவருக்கு இது எட்டாயிரத்துக்கும் மேல் இடிக்கும்.

அதே சிடிசியில் பிஎஃபை முழு அடிப்படைச் சம்பளத்துக்கும் கணக்கிடும் கம்பெனியாக இருந்தால் இரண்டு பக்கமும் ரூ. 2,400 ஆகும். கையில் வருவது ரூ. 30,500 சுற்றுவட்டாரத்துக்கு இறங்கும். பணம் எங்கும் போய்விடவில்லை, பிஎஃப் கணக்கில் சேருகிறது. ஆனால் வாடகையும் இஎம்ஐயும் கையில் வருவதிலிருந்துதானே கட்ட வேண்டும்? அதனால் "பிஎஃப் 1,800ஆ, முழு பேசிக்குக்கா?" என்று எச்ஆரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். பஸ்ஸுக்கும் கேன்டீனுக்கும் பிடித்தம் உண்டா என்பதையும் சேர்த்துக் கேட்டுவிடுங்கள்.

குழுவில் எழுதும்போது வரம்பாக எழுதுங்கள்: "சிடிசி 4.5 முதல் 5 லட்சம், இதில் வேரியபிள் 36,000." கையில் வரும் தொகையைத் தனியாகச் சொல்லும்போது "ஏறக்குறைய" என்ற சொல் அவசியம். உங்கள் சொந்தச் சம்பளத்தை உதாரணம் காட்டாதீர்கள். அவர் அதையே நேர்காணலில் சொல்லிக் கேட்டால் சங்கடம் இருவருக்கும். எச்ஆர் வரம்பைச் சொல்ல மறுத்தால் "வரம்பை எச்ஆர் வெளியிடவில்லை" என்று அப்படியே எழுதுங்கள். ஊகத் தொகை எழுதினால் அதை உங்கள் வாக்குறுதியாக எடுத்துக்கொள்வார்கள்.

ரோல் விஷயத்தைச் சம்பளத்துக்குப் பக்கத்திலேயே எழுத வேண்டும். கம்பெனி ரோலில் 4.5 லட்சமும் காண்ட்ராக்டர் ரோலில் 5 லட்சமும் ஒன்றல்ல. ஆறு மாதத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கிறார்களா, நிரந்தரமாக்கிய முன்னுதாரணம் உண்டா என்பதைத் தெரிந்தால் சொல்லுங்கள். மாதச் சம்பளம் இஎஸ்ஐ வரம்பான ரூ. 21,000ஐத் தாண்டுவதால் இவருக்கு இஎஸ்ஐ கிடையாது. ஆகவே காப்பீட்டில் பெற்றோர் சேர்த்தியா என்பது பலருக்குச் சம்பளத்துக்கு அடுத்த கேள்வியாக இருக்கும்.

4. பதிலை எழுதுவது

இப்போது கையில் எல்லா விவரமும் இருக்கிறது. குழுவில் போட வேண்டிய செய்தி இப்படி இருக்கலாம்:

> வணக்கம் சார். எங்கள் கம்பெனியில் ஒரு காலியிடம் இருக்கிறது. துறைத் தலைவரிடமும் எச்ஆரிடமும் இன்று (ஜூன் 10) கேட்டு உறுதி செய்தது.
>
> வேலை: குவாலிட்டி இன்ஜினியர், லைன் குவாலிட்டி, சிஎன்சி மெஷினிங். ஒரு இடம். போனவருக்குப் பதில்.
> கம்பெனி: (முழுப் பெயர்), ஒரகடம் சிப்காட். ஜாப் ஐடி: (எண்).
> ரோல்: கம்பெனி ரோல். 6 மாதம் புரொபேஷன்.
> கட்டாயம்: பி.இ. மெக்கானிக்கல் அல்லது புரொடக்ஷன், 3 முதல் 5 வருஷம் மெஷினிங் அனுபவம், கன்ட்ரோல் பிளான், எம்எஸ்ஏ, சிஎம்எம் ரிப்போர்ட் படிக்கத் தெரிய வேண்டும்.
> இருந்தால் நல்லது: சிஎம்எம் புரோகிராமிங் (PC-DMIS). இல்லையென்றாலும் விண்ணப்பிக்கலாம்.
> நேரம்: ஏ, பி ஷிப்ட் வாரம் மாற்றி. நைட் ஷிப்ட் இல்லை. ஞாயிறு விடுமுறை.
> பஸ்: தாம்பரம், முடிச்சூர், படப்பை வழி உண்டு. ஏ ஷிப்டுக்குத் தாம்பரத்தில் காலை 4.50. குரோம்பேட்டைக்கு வராது.
> சம்பளம்: சிடிசி 4.5 முதல் 5 லட்சம், வேரியபிள் சேர்த்து.
> நோட்டீஸ்: 45 நாள் வரை விரும்புகிறார்கள். 60 நாள் என்றால் பேசிப் பார்க்கலாம் என்றார்கள்.
> நேர்காணல்: முதலில் போனில், பிறகு ஒரே நாளில் நேரில் இரண்டு சுற்று.
> கடைசி நாள்: ஜூன் 20. அதற்குப் பிறகு இந்தச் செய்தியைப் பகிர வேண்டாம்.
> எந்தக் கட்டணமும் கிடையாது. எனக்கு ரெஃபரல் தொகை உண்டு.
> விருப்பம் இருந்தால் எனக்குத் தனியாக எழுதுங்கள், சிவி எப்படி அனுப்புவது என்று சொல்கிறேன்.

இதில் சில வரிகள் ஏன் அப்படி இருக்கின்றன என்று சொல்லிவிடுவது நல்லது.

தேதி இரண்டு இடத்தில் இருக்கிறது. வாட்ஸாப்பில் அனுப்பிய செய்தியைத் திருத்த 15 நிமிடம்தான் நேரம். அதற்குள் யாராவது வேறு குழுவுக்கு ஃபார்வர்டு செய்திருந்தால் அந்தப் பிரதி உங்கள் கையில் இல்லை. தேதி இல்லாத வேலைச் செய்திகள் மாதக்கணக்கில் சுற்றிக்கொண்டிருப்பது இதனால்தான். உறுதி செய்த தேதியும் கடைசி நாளும் செய்தியின் உள்ளேயே இருந்தால், எங்கே போனாலும் அது பழையதா புதியதா என்று படிப்பவருக்குத் தெரியும்.

பஸ் வரி சிறிய விஷயமாகத் தெரியலாம். சென்னைப் பக்கத்துத் தொழிற்சாலை வேலையில் பலர் வேண்டாம் என்று சொல்லும் காரணம் அங்கேதான் இருக்கிறது. ஆறு மணி ஷிப்டுக்குக் குரோம்பேட்டையிலிருந்து தாம்பரத்துக்கு 4.50க்குள் வந்து சேர பைக் வேண்டும், அதை நிறுத்த இடம் வேண்டும். "பஸ் வசதி உண்டு" என்று மட்டும் எழுதினால் வீட்டு வாசலுக்கு வரும் என்று நினைத்துக்கொள்வார். எந்த நிறுத்தம், எத்தனை மணி, எங்கே வராது என்று மூன்றையும் எழுதுங்கள். கேட்டவர் பெண் என்றால் பி ஷிப்ட் முடிந்து இரவு திரும்பும் வண்டி வீடு வரை விடுமா, மெயின் ரோட்டில் இறக்கிவிடுமா என்பதையும் விசாரித்துச் சொல்லுங்கள்.

நோட்டீஸ் வரியில் பொருந்தாததை மறைக்கவில்லை. அவருக்கு 60 நாள், கம்பெனி கேட்பது 45. இதை இப்போதே சொன்னால் அவர் தன் கம்பெனியில் நோட்டீஸைப் பணம் கட்டிக் குறைக்க முடியுமா என்று பார்த்துக்கொண்டு வருவார். சொல்லாவிட்டால் கடைசிச் சுற்றில் அது முட்டும்.

ரெஃபரல் தொகை கிடைக்கும் என்றால் அதைச் சொல்லிவிடுங்கள். அது தப்பில்லை. பின்னால் வேறு யார் வழியாகவோ தெரிந்தால்தான் "அதுக்காகத்தான் சொன்னாரா" என்று தோன்றும்.

அந்தச் செய்தி பதிலாக இருந்தாலும் குழுவில் எல்லோரும் படிக்கிறார்கள். அதனால் கேட்டவரின் சொந்த விவரம் ஒன்றுகூட அதில் இல்லை. எச்ஆரின் கைபேசி எண்ணும் இல்லை. எண்ணைப் போட்டால் அன்று மாலைக்குள் தேவையில்லாத அழைப்புகள் குவிந்து, அடுத்த முறை அவர் உங்களிடம் எதுவுமே சொல்ல மாட்டார். அவரே அனுமதித்தால் அலுவலக மின்னஞ்சலை மட்டும் கொடுக்கலாம்.

5. காலியிடம் உங்கள் கம்பெனியில் இல்லையென்றால்

வேறு குழுவில் வந்ததை இங்கே போடத் தோன்றும். போடும் முன் பத்து நிமிடம் செலவழியுங்கள். கம்பெனியின் வலைத்தளத்தில் வேலைவாய்ப்புப் பக்கத்தில் அந்தப் பதவி இருக்கிறதா பாருங்கள். கம்பெனியே புதிதாகத் தெரிந்தால் mca.gov.in தளத்தில் பெயரைப் போட்டுத் தேடினால் பதிவான நிறுவனமா, இப்போதும் செயல்பாட்டில் உள்ளதா என்று தெரியும். மின்னஞ்சல் முகவரி கம்பெனி டொமைனிலா, ஜிமெயிலிலா என்று பாருங்கள். சிறு கம்பெனிகளும் கன்சல்டன்சிகளும் ஜிமெயில் வைத்திருப்பது உண்டு, ஆகவே அது ஒன்றே மோசடிக்கு ஆதாரம் ஆகாது. பெரிய கார் கம்பெனி பெயரைச் சொல்லிக்கொண்டு ஜிமெயிலில் சிவி கேட்டால் அதை அங்கேயே விட்டுவிடுங்கள்.

பணம் கேட்டால் பேச்சே இல்லை. பதிவுக் கட்டணம், யூனிஃபார்ம் டெபாசிட், மெடிக்கல் டெஸ்டுக்கு முன்பணம், லேப்டாப் டெபாசிட் என்று எந்தப் பெயரில் வந்தாலும் அது வேலை இல்லை. ஏற்கெனவே யாராவது பணம் அனுப்பிவிட்டார் என்றால் தாமதிக்காமல் 1930 என்ற சைபர் மோசடி உதவி எண்ணுக்கு அழைக்கச் சொல்லுங்கள். cybercrime.gov.in தளத்திலும் புகார் பதியலாம்.

எல்லாம் சரியாக இருந்தாலும், நீங்கள் நேரில் உறுதி செய்யவில்லை என்றால் அதை முதல் வரியிலேயே சொல்லிவிடுங்கள்: "வலைத்தளத்தில் பார்த்தது, உள்ளே எனக்கு யாரையும் தெரியாது." அந்த ஒரு வரி இருந்தால் அவர் எவ்வளவு நம்புவது என்று தானே முடிவு செய்துகொள்வார்.

6. சிவி கைக்கு வந்த பிறகு

நம் நண்பர் தனியாக எழுதுகிறார். அவருடைய சிவியை வாங்கி உடனே எச்ஆருக்கு ஃபார்வர்டு செய்வதற்கு முன் இரண்டு விஷயம்.

முதலாவது, "இந்தக் கம்பெனிக்கு ஏற்கெனவே நேராகவோ கன்சல்டன்சி வழியாகவோ அப்ளை பண்ணியிருக்கீங்களா?" என்று கேளுங்கள். பல கம்பெனிகளின் போர்ட்டலில் ஒருவர் பெயர் ஏற்கெனவே இருந்தால் புது ரெஃபரல் ஏற்காது, டூப்ளிகேட் என்று நின்றுவிடும். யார் வழியாக வந்தார் என்ற தகராறில் கன்சல்டன்சிக்குக் கட்டணம் தர வேண்டியிருக்கும் என்று கம்பெனி அந்த சிவியையே ஒதுக்கிவிடுவதும் நடக்கும். போர்ட்டல் இருந்தால் நீங்கள் முதலில் ரெஃபரலைப் பதிந்து, அதில் வரும் லிங்க் வழியாக அவர் விண்ணப்பிக்க வேண்டும். வரிசை மாறினால் ரெஃபரல் கணக்கில் வராது.

இதோடு சேர்த்து இன்னொரு கேள்வி: அவருடைய இப்போதைய கம்பெனி உங்கள் கம்பெனிக்கு சப்ளையரா, வாடிக்கையாளரா? சில இடங்களில் ஒருவர் ஆளை மற்றவர் எடுப்பதில்லை என்று ஒரு புரிதல் இருக்கும். ஒரகடம் வட்டாரத்தில் எல்லோரும் யாருக்கோ சப்ளை செய்கிறவர்கள்தான் என்பதால் இது அடிக்கடி குறுக்கே வரும். எச்ஆரிடம் அவர் பெயரைச் சொல்லாமல் "இந்தக் கம்பெனியிலிருந்து வந்தா எடுப்பீங்களா?" என்று கேட்டுத் தெளிவாக்கிக்கொண்டு பிறகு சிவியைக் கொடுங்கள். இல்லாவிட்டால் ஒரு எச்ஆர் இன்னொரு எச்ஆருக்குப் போன் செய்து, அவர் வேலை தேடுவது அங்கே தெரிந்துவிடும்.

இரண்டாவது, சிவியைத் திறந்து பாருங்கள். ஆதார் எண், பான் எண், அப்பா பெயர், முழு வீட்டு முகவரி இருந்தால் எடுத்துவிடச் சொல்லுங்கள். இந்தக் கட்டத்தில் எதுவும் தேவையில்லை. பிடிஎஃப் வேண்டும். "resume final new 2.pdf" என்ற பெயரில் வந்தால் எச்ஆரின் ஃபோல்டரில் தொலைந்துவிடும். பெயரை இப்படி வைக்கச் சொல்லுங்கள்:

```
Name_QualityEngineer_CNC_4Yrs.pdf
```

அந்த சிவியை அந்த ஒரு காலியிடத்துக்கு மட்டும் பயன்படுத்துங்கள். வேறு நண்பர் கேட்டார் என்று அவருக்குத் தெரியாமல் இன்னொரு இடத்துக்கு அனுப்புவது சரியில்லை.

எச்ஆருக்கு எழுதும்போது, நீங்கள் நேரில் வேலை செய்து பார்த்தவரா, குழுவில் பழக்கமா என்பதை உள்ளபடி எழுதுங்கள்: "தொழில் குழு வழியாக அறிமுகம், சேர்ந்து வேலை செய்ததில்லை. மெஷினிங் லைன் குவாலிட்டியில் 4 வருஷம், கன்ட்ரோல் பிளான், எம்எஸ்ஏ அனுபவம் உண்டு. நோட்டீஸ் 60 நாள், 45 ஆகக் குறைக்க முயல்வதாகச் சொல்கிறார்." தெரியாதவருக்கு உத்தரவாதம் கொடுத்தால், அவர் சேர்ந்து மூன்று மாதத்தில் போய்விட்டாலும் கேள்வி உங்களிடம் வரும்.

7. பின்தொடர்வதும் முடித்துவைப்பதும்

அனுப்பியதும் அவருக்கு "அனுப்பிட்டேன் சார், இன்னார் பார்ப்பார், கடைசி நாள் முடிஞ்சு ஒரு வாரத்துல தெரியும்" என்று சொல்லிவிடுங்கள். இதைச் சொல்லாததால்தான் தினமும் "சார் ஏதாவது தெரிஞ்சுதா" என்று கேட்கும் நிலை வருகிறது. மூன்று வேலை நாள் கழித்து எச்ஆரிடம் சிவி கிடைத்ததா என்று ஒரு முறை கேளுங்கள். கடைசி நாளுக்குப் பிறகு ஒரு வாரம் ஆனதும் நிலவரம் கேளுங்கள். அதற்கு மேல் துரத்தினால் அவருக்கே பாதகமாகும். நேர்காணல் கேள்விகளைக் கேட்டுச் சொல்வது, மதிப்பெண்ணை விசாரிப்பது போன்றவற்றில் இறங்காதீர்கள்.

தேர்வாகவில்லை என்று தெரிந்தால் உடனே சொல்லிவிடுங்கள். காரணம் தெரிந்தால் பயன்படும் அளவுக்குச் சொல்லலாம்: "சிஎம்எம் புரோகிராமிங் தெரிஞ்ச ஆள் கிடைச்சுட்டார்." தெரியாவிட்டால் காரணம் கற்பிக்க வேண்டாம். தேர்வானால், ஆஃபர் லெட்டர் மின்னஞ்சலில் வந்து, அதில் சிடிசி பிரிவு, ரோல், சேரும் தேதி மூன்றையும் படித்துப் பார்க்கும் வரை இப்போதைய வேலையை விட வேண்டாம் என்று சொல்லுங்கள். "செலக்ட் ஆயிட்டீங்க" என்று போனில் சொன்னதை நம்பி ராஜினாமா கொடுத்து, அப்ரூவல் நின்றுபோய் இரண்டு இடமும் இல்லாமல் நிற்பவர்கள் இந்த வட்டாரத்தில் இருக்கிறார்கள்.

இடம் நிரம்பியதும் குழுவில் உங்கள் பழைய செய்திக்கே பதிலாக ஒரு வரி போடுங்கள்: "இந்த இடம் நிரம்பிவிட்டது, இனி சிவி அனுப்ப வேண்டாம்." யார் சேர்ந்தார் என்று எழுத வேண்டாம். அவர் இன்னும் பழைய கம்பெனியில் நோட்டீஸில் இருக்கலாம். உங்களிடம் வந்து சேர்ந்த மற்றவர்களின் சிவிக்களைப் போனிலிருந்து அழித்துவிடுங்கள். அவர்களில் யாருக்காவது அடுத்த காலியிடத்தில் சொல்ல விரும்பினால், வைத்துக்கொள்ளலாமா என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வைத்துக்கொள்ளுங்கள்.